கிளர்வினா விரிவுரையை ஒரு பக்கப் படிவமாக்குவது: கேள்வி பதில்

பி.எட். முதலாண்டு, இயற்பியல்: மேடம், கிளர்வினா கேட்கும் திறன் பற்றி வகுப்பு எடுத்தாங்க, நோட்ஸ் நாலு பக்கம் இருக்கு. அடுத்த வாரம் நுண்ணிலைக் கற்பித்தல். ஆளுக்கு ஆறு நிமிஷம் எடுக்கணும், மற்றவங்க உற்றுநோக்கணும். படிவம் நீங்களே தயார் செய்யுங்கன்னு சொல்லிட்டாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பென்சிலை எடுத்துக்கொண்டு நோட்ஸின் ஒவ்வொரு வாக்கியத்திலும் நில்லுங்கள். கடைசி பெஞ்சில் பேனாவோடு உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கோ காதுக்கோ இது எட்டுமா? "கிளர்வினா மாணவரின் சிந்தனையை ஆழப்படுத்துகிறது" எட்டாது, அடித்துவிடுங்கள். "சரியான பதில் வந்த பிறகும் ஏன் என்று கேட்க வேண்டும்" எட்டும், வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கம் அரைப் பக்கமாகிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் ஐந்து செயல்கள்: குறிப்பு கொடுப்பது, மேலும் தகவல் கேட்பது, வந்த பதிலை வேறொன்றோடு இணைத்துக் கேட்பது, அதே கேள்வியை இன்னொருவரிடம் திருப்பிவிடுவது, ஏன் எப்படி என்று துருவுவது.

எல்லோரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஐந்தையும் கீழே கீழே எழுதி, பக்கத்தில் கோடு போட ஒரு கட்டம் வரைந்தால் படிவம் முடிந்தது என்று நினைப்பு. விரிவுரையைத் திரும்பப் பாருங்கள், ஒவ்வொரு செயலும் ஒரு வகைப் பதிலுக்காகச் சொல்லப்பட்டிருக்கும். பதிலே வராவிட்டாலோ தப்பாக வந்தாலோ குறிப்பு, பாதி வந்தால் மேலும் தகவல், சரியாக வந்தால் இணைப்பதும் துருவுவதும். மாணவர் என்ன சொன்னார் என்று எழுதாமல் ஆசிரியர் செய்ததை மட்டும் எண்ணினால், செய்தது பொருத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் படிவத்தில் ஒரு வரி என்பது ஒரு செயல் இல்லை, ஒரு சுற்று: கேள்வி, காத்திருந்த நேரம், பதில், அடுத்து ஆசிரியர் செய்தது. நாலு பத்தி, பத்துப் பன்னிரண்டு வரி, ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்தால் போதும்.

விரிவுரையில் இல்லாத இரண்டைக் கடைசிப் பத்திக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் தானே பதிலைச் சொல்லிவிட்டார், "சரி, உட்கார்" என்று கடந்துவிட்டார். விரிவுரை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது, அதனால் இவை அதில் வராது. ஆனால் நடப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான்.

சாக்பீஸ்: எங்க கல்லூரியில ஐந்து கூறும் ஆறு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவையாவது வரணும், வந்தா முழு மதிப்பெண். எளிமையா இருக்கே, எதுக்கு இவ்வளவு சிக்கல்?

எண்ணுவது நல்லது என்பதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன், "நன்று, மிக நன்று" என்று டிக் அடிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஐந்தும் வந்தே ஆக வேண்டும் என்ற விதி ஆசிரியரை நடிக்க வைக்கிறது. முதல் பதிலே சரியாக வந்துவிட்டது, அப்போது குறிப்பு கொடுக்க என்ன இருக்கிறது? மதிப்பெண்ணுக்காக அவர் தேவையில்லாத ஒரு குறிப்பைச் சொருகுவார், உற்றுநோக்குபவரும் மகிழ்ச்சியாகக் கோடு போடுவார்.

முதலில் கேட்டவரே: நிரப்பிய படிவம் எப்படி இருக்கும்னு காட்ட முடியுமா மேடம்? நான் எட்டாம் வகுப்புக்கு நீர் கொதிப்பது எடுக்கப்போறேன்.

சரி, உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். சுருக்கெழுத்தாகப் பதிலுக்கு ச, பா, த (சரி, பாதி, தப்பு), ஒன்றும் வராவிட்டால் ஒரு சிறு கோடு.

முதல் வரி. கேள்வி: "கொதிக்கும்போது வரும் குமிழிக்குள்ளே என்ன இருக்கு?" மூன்று நொடிக்குக் குறைவாகக் காத்திருந்தார். பதில்: "காற்று", த. அடுத்தது: குறிப்பு.

இரண்டாம் வரி, அந்தக் குறிப்பே இப்போது கேள்வி: "பாத்திரத்தில் தண்ணீர் குறைஞ்சுகிட்டே போகுதே, அது எங்கே போகுது?" பதில்: "ஆவியாப் போகுது", பா. அடுத்தது: மேலும் தகவல்.

மூன்றாம் வரி: "அப்போ குமிழிக்குள்ள இருக்கிறது எதனோட ஆவி?" பதில்: "நீராவி", ச. அடுத்தது: "வெரி குட்" என்று கடந்துவிட்டார்.

இதேபோல ஆறு நிமிடம் ஓடினால் ஒன்று தெளிவாகத் தெரியும். தப்பு வந்தாலும் பாதி வந்தாலும் நன்றாகக் கையாள்கிறார், சரியான பதில் வந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார். மறுகற்பித்தலுக்கு இது ஒன்றே போதும். "ச" விழுந்த இடத்தில் இன்னொரு கேள்வி: குமிழி ஏன் பாத்திரத்தின் அடியிலிருந்து கிளம்புகிறது? இரண்டாவது முறை உற்றுநோக்குபவர்கள் "ச" வரிகளை மட்டும் பார்த்தால் போதும், மற்றதை விட்டுவிடலாம்.

கிராமப் பள்ளி ஆசிரியர்: நான் ஏழாம் வகுப்புக்கு 45 நிமிஷ வகுப்பு எடுக்கிறேன், தலைமையாசிரியர் வந்து உட்காரும்போது இந்தப் படிவத்தைக் கொடுக்கலாமா? பாடத்திட்டமும் இதிலேயே எழுதணுமா?

வேண்டாம் சார், இது முழு வகுப்புக்கானது இல்லை. ஒரே திறனை ஆறு நிமிடம் பார்ப்பதற்காகச் செய்தது. 45 நிமிடத்துக்கு இப்படி வரி வரியாக எழுதினால் கை ஒடிந்துவிடும். வகுப்பின் நடுவில் ஏதாவது ஒரு பத்து நிமிடத்துக்கு மட்டும் என்றால் தாராளமாகக் கொடுங்கள். பாடத்திட்டம் வேறு தாள்.

தமிழ் முதன்மைப் பாடம்: எங்க குழுவில மாணவரா நடிக்கிறவங்க எல்லாரும் சரியான பதிலையே சொல்லிடறாங்க. தோழிக்கு மார்க் குறையக் கூடாதாம். படிவத்துல எல்லா வரியிலும் "ச" தான்.

சக மாணவர்களை வைத்துச் செய்யும்போது இது வராமல் இருக்காது. பட்டதாரிகள் பதின்மூன்று வயதாக நடிக்கிறார்கள், பதில் தெரியாததுபோல நடிக்க வெட்கம் வேறு. நான் செய்வது: வகுப்பு தொடங்குமுன் சீட்டுக் கொடுத்துவிடுவேன். ஏழு பேர் மாணவர் என்றால் இருவருக்கு "பாதிப் பதில் சொல்", ஒருவருக்கு "பொதுவாகப் பிள்ளைகள் செய்யும் தப்பைச் சொல்", ஒருவருக்கு "தெரியாது என்று நில்". மற்றவர்கள் இயல்பாக. யாரிடம் எந்தச் சீட்டு என்பது ஆசிரியருக்கும் தெரியக்கூடாது, உற்றுநோக்குபவருக்கும் தெரியக்கூடாது. பிள்ளைகள் செய்யும் தப்பு என்ன என்பதைப் பாடம் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிப்பாகிவிடும். இன்னொன்று, மாணவராக நடிப்பவர் படிவமும் நிரப்பக்கூடாது. இரண்டு வேலையும் கெடும்.

இரண்டாமாண்டு, கணிதம்: காத்திருக்கும் நேரத்தை எப்படி அளக்கிறது? செல்போன் ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்தோம், அதையே பார்த்துட்டிருந்ததில கேள்வி காதில விழல.

நொடிக் கணக்கு வேண்டாம். மூன்று நொடிக்குக் குறைவா, மூன்றோ அதற்கு மேலோ என்று இரண்டே குறி. இந்த மூன்று எங்கிருந்து வந்தது என்றால், மேரி பட் ரோவ் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்றுக்கு மேல் கொண்டுபோனதும் பதில்கள் நீண்டன, தானாக முன்வந்து பேசுபவர்கள் கூடினார்கள். அவர் இரண்டு இடத்தைப் பார்த்தார், கேள்விக்குப் பின் ஒன்று, மாணவர் பேசி முடித்த பின் இன்னொன்று. விரிவுரையில் இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நேரம் பார்க்கவே ஒருவர் தனியாக உட்கார முடிந்தால் அதற்கும் ஒரு பத்தி போடுங்கள். ஆள் இல்லையென்றால் முதலாவது போதும். அளவுக்கு, மேசைக்கடியில் கால் கட்டைவிரலை மூன்று முறை நிதானமாகத் தட்டுங்கள். கடிகாரத்தோடு கொஞ்ச நேரம் பழகினால் வந்துவிடும்.

சாக்பீஸ்: ரெண்டு பேர் ஒரே வகுப்பைப் பார்த்தோம், ரெண்டு படிவமும் வேற வேற. எதை நம்பறது?

எந்த வரியில் வேறுபடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பத்து வரியில் ஏழில் இருவரும் ஒரே குறி போட்டிருந்தால் ஒப்புமை 70 சதவீதம். எனக்கு 80 வந்தால்தான் அந்தப் படிவத்தை வைத்துப் பின்னூட்டம் கொடுக்க மனம் வரும். மிச்சம் மூன்று வரியும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மோதும், குறிப்பு கொடுத்தாரா, மேலும் தகவல் கேட்டாரா என்பதில். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி: மாணவர் சொன்ன சொல்லையே பிடித்துக் கேட்டால் மேலும் தகவல், மாணவர் சொல்லாத ஒன்றை ஆசிரியர் உள்ளே கொண்டுவந்தால் குறிப்பு. மேலே "எதனோட ஆவி" என்றது முதல் வகை, "தண்ணீர் குறையுதே" என்றது இரண்டாவது. விதியைப் படிவத்தின் அடியில் ஒரு வரியாக எழுதிவையுங்கள். உண்மையான வகுப்புக்கு முன் ஏதாவது ஒரு காணொளியை இருவரும் பார்த்துத் தனித்தனியாக நிரப்பி ஒப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர்: அம்மா, ஒரு குறுக்கீடு. "காற்று" என்பதற்குத் தப்பு போட்டுவிட்டீர்களே? தண்ணீர் கொதிக்கும் முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்றுதான். அந்தப் பையன் அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான் "பாதி" போடுவேன்.

ஐயா சொல்வது சரி. கேள்வியில் "கொதிக்கும்போது" என்று இருப்பதால் நான் தப்பு போட்டேன். ஆனால் பாதி என்று வைத்தால் ஆசிரியர் குறிப்புக்குப் பதில் "எப்போ வந்த குமிழியைச் சொல்றே?" என்று கேட்டிருக்க வேண்டும், அது இன்னும் நல்ல கேள்வி. பாடத்திட்டத்தில் ஆசிரியர் எதிர்பார்த்த பதிலை வைத்துக் குறி போடச் சொல்லலாம், உற்றுநோக்குபவர்களுக்குள் ஒப்புமை கூடும்.

அதே விரிவுரையாளர்: கூடும், ஆனால் ஆசிரியர் எதிர்பார்த்ததே தவறாக இருந்தால்? இரண்டு பேரும் ஒரே மாதிரித் தப்பாகக் குறிப்பார்கள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. குறைந்தது ஒரு உற்றுநோக்குபவராவது அந்தப் பாடத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும் என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். தமிழ்ப் பாடக்காரர் இருவர் இயற்பியல் வகுப்பைப் பார்த்தால் இந்தச் சிக்கல் வெளியே தெரியவே தெரியாது.

பி.எட். முதலாண்டு, வணிகவியல்: எங்க ரெக்கார்டு நோட்ல ஏழு புள்ளி அளவுகோல் கேட்கிறாங்க. இதை எப்படி அதுல ஏத்துறது?

அளவுகோலைக் கடைசியில் போடுங்கள். முதலில் வரிகள், அப்புறம் வரிகளை எண்ணி, வந்த பதிலுக்குப் பொருத்தமான அடுத்த செயல் எத்தனை சுற்றில் இருந்தது என்று பார்த்து எண் கொடுங்கள். நேராக எண்ணில் தொடங்கினால் எல்லோருக்கும் ஐந்தும் ஆறும்தான் விழும், நண்பர்களாயிற்றே.

முதலில் கேட்டவரே: கடைசியா ஒண்ணு. பின்னூட்டத்துக்கும் ஆறு நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. இத்தனை வரியையும் எப்படிப் படிச்சுக் காட்டறது?

படிக்க வேண்டாம். வழக்கமான சுழற்சியில் கற்பித்தல் ஆறு, பின்னூட்டம் ஆறு, மறுதிட்டம் பன்னிரண்டு, மறுகற்பித்தல் ஆறு, மறுபின்னூட்டம் ஆறு, ஆக 36 நிமிடம். மறுதிட்டத்தின் பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவரால் ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும். படிவத்தை எடுத்தவர் கையிலேயே கொடுத்து முதல் நிமிடம் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். "அட, சரியான பதில் வந்ததும் எல்லா இடத்திலும் கடந்துட்டேனே" என்று அவரே சொல்லிவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அவர் கவனிக்காவிட்டால் ஒரே ஒரு வரியைத் தொட்டுக்காட்டி, அங்கே வேறு என்ன கேட்டிருக்கலாம் என்று மிச்ச நேரத்தில் சேர்ந்து யோசித்து எழுதிக்கொள்ளுங்கள்.