ஒரு நேரத்தில் ஒரே எலக்ட்ரான், அப்படியும் வரிகள்: கேள்வி பதில்

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்தான் என் அன்றாட வேலை. அதனால் இரட்டைப் பிளவு சோதனை பற்றி வந்த கேள்விகள் என் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன. அருகருகே இருக்கும் இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், அப்பாலுள்ள திரையில் அவை சேரச்சேர, இரண்டு அலைகள் கூடினாற்போல் பிரகாசமும் இருட்டும் மாறி மாறி வரும் வரிகள் தெரிகின்றன என்பதுதான் அது. பெரும்பாலும் ஒரே சோதனையை வைத்துப் பேசுகிறேன். ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வகத்தின் அகிரா டோனோமுராவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1989-ல் வெளியிட்டது அது. எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகப் பதியும் திரையில் 10 புள்ளிகள், 100, 3,000, 20,000, கடைசியில் 70,000 என்று வரிசையாக வரும் ஐந்து படங்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: அக்கா, முதல் இரண்டு படத்திலும் வரியே இல்லை, சும்மா தூவினாற்போல் புள்ளிகள். அப்படியென்றால் கடைசியில் வரும் எலக்ட்ரான்கள்தான் வரியை உண்டாக்குகின்றனவா?

இல்லை. முதல் எலக்ட்ரானும் எழுபதாயிரமாவது எலக்ட்ரானும் ஒரே விதிப்படிதான் விழுகின்றன. முதலில் நம் கண்ணுக்குப் போதுமான கணக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். திரையில் பத்து வரிகள் விழும் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு வரியின் அகலத்தையும் பிரகாசமான பாதி, இருட்டான பாதி என்று பிரித்துக்கொள். வரிகள் முழுத் தெளிவோடு இருந்தால் எலக்ட்ரான்களில் 82 சதவீதம் பிரகாசப் பாதிகளிலும் 18 சதவீதம் இருட்டுப் பாதிகளிலும் விழ வேண்டும். மொத்தம் 100 எலக்ட்ரான் என்றால் ஒரு வரிக்குப் பத்து. ஒரு பாதியில் எட்டு, மறு பாதியில் இரண்டு. ஆனால் இது தற்செயலாக விழும் எண்ணிக்கை. எட்டு ஐந்தாகலாம், இரண்டு நான்காகலாம். போதாததற்கு வரி எங்கே தொடங்குகிறது என்று யாரும் உனக்குக் கோடு போட்டுத் தருவதில்லை. அதனால் கண் திணறுகிறது. 3,000 ஆனதும் ஒரு வரிக்கு முந்நூறு, அதாவது ஒரு பக்கம் சுமார் 245, மறுபக்கம் 55. இந்த வித்தியாசத்தைத் தற்செயலால் மறைக்க முடியாது. பிரகாசத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் முதலிலிருந்தே அதேதான். மொத்தத்தோடு ஒப்பிட்டால் தற்செயலின் ஏற்றத்தாழ்வுதான் போகப்போகக் குறைகிறது.

மின்பொறியாளர்: எலக்ட்ரான்கள் ஒரே மின்னூட்டம் உடையவை, ஒன்றையொன்று தள்ளும். கூட்டமாக வரும்போது தள்ளிக்கொண்டு வரிசையாக ஒதுங்குகின்றன என்பதுதானே இயல்பான விளக்கம்? இதற்கு ஏன் அலை?

தள்ளும் என்பது சரிதான். அடர்த்தியான கற்றையில் அந்தத் தள்ளுதலால் கற்றையே பருத்துப்போகும், எங்கள் கருவியிலும் அதோடு மல்லாட வேண்டியிருக்கிறது. ஆனால் இங்கே தள்ளுவதற்குப் பக்கத்தில் ஆளே இல்லை.

டோனோமுராவின் எலக்ட்ரான்கள் 50 கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்டவை. வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1,20,000 கிலோமீட்டர். வினாடிக்கு ஆயிரம் எலக்ட்ரான் வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே சராசரியாக 120 கிலோமீட்டர் இடைவெளி. புறப்படும் இடத்திலிருந்து திரை வரை இருப்பதோ ஒன்றரை மீட்டர்தான், அதைக் கடக்க 12 அல்லது 13 நானோவினாடி போதும். ஒன்று திரையில் மோதி முடிந்தபின் அடுத்தது பெரும்பாலும் எலக்ட்ரான் மூலமான ஊசிமுனையை விட்டே கிளம்பியிருக்காது.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எலக்ட்ரான்கள் தாளம் போட்டு வருவதில்லை, சில சமயம் நெருங்கியும் வரலாம். அதே கணக்குப்படி ஒன்று பயணத்தில் இருக்கும்போதே அடுத்தது கிளம்பிவிடும் வாய்ப்பு 80,000-ல் ஒன்று. முழுப் படத்திலும் அப்படி ஒரு ஜோடி இருந்தால் அதிகம். அதை வைத்து இத்தனை வரிகளை விளக்க முடியாது.

அதே பொறியாளர்: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரை? முன்னால் விழுந்தவை திரையில் மின்னூட்டத்தை விட்டுப்போய், அது பின்னால் வருபவற்றை ஒதுக்கலாமே?

நல்ல சந்தேகம், கருவி வைத்திருக்கும் எவருக்கும் வர வேண்டிய சந்தேகம். அழுக்குப் படிந்த பரப்பில் மின்னூட்டம் சேர்ந்து கற்றையை இழுத்துக்கொண்டு போவது எங்களுக்குத் தினமும் நடக்கிறது. ஆனால் அது படத்தை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தும் அல்லது மங்கச்செய்யும். சீரான இடைவெளியில் வரி போடாது. முக்கியமாக, வரிகளின் இடைவெளி எலக்ட்ரானின் அலைநீளம் சொல்கிறபடியே வருகிறது. முடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றினால் அலைநீளம் மாறும், இடைவெளியும் அந்தக் கணக்கின்படியே மாற வேண்டும். திரையின் நினைவுதான் காரணம் என்றால் அதற்கு எலக்ட்ரானின் அலைநீளம் எப்படித் தெரியும்?

இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு): மேடம், ஒரு திருத்தம். டோனோமுரா குழு பிளவே வைக்கவில்லை. அது மெல்லிய இழையை வைத்துச் செய்தது. அவர்களுக்கு முன்பே இத்தாலியர்கள் செய்துவிட்டார்கள். எல்லோரும் ஜப்பானியப் படத்தையே போடுகிறோம்.

இரண்டும் சரி, சார். பிளவுகளின் இடத்தில் இருந்தது இரட்டைப் பட்டகம் என்ற அமைப்பு. ஒரு மைக்ரானைவிட மெல்லிய இழை ஒன்று, இரு பக்கமும் தரையிணைப்புக் கொடுத்த தகடுகள். இழைக்குச் சிறிய நேர் மின்னழுத்தம் கொடுத்தால் இடப்பக்கம் போவதும் வலப்பக்கம் போவதும் நடுவை நோக்கித் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று படியும். ஜெர்மனியில் டியூபிங்கன் நகரில் மோலன்ஸ்டெட்டும் டூக்கரும் 1950களில் கண்டுபிடித்தது. அதே ஊரில் கிளாஸ் யோன்சன் 1961-ல் உண்மையான பிளவுகளைச் செம்புத் தகட்டில் செய்து வரிகளைக் காட்டினார், ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரானாக அல்ல. பொலோனியாவில் மெர்லி, மிஸ்ஸிரோலி, போட்ஸி மூவரும் ஒவ்வொன்றாக விழுவதை 1970களிலேயே படமெடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் உணரி நுட்பமானது, படங்கள் பளிச்சென்று இருந்தன, பெயரும் அங்கே போய்விட்டது. நியாயமில்லைதான்.

உண்மையான பிளவு, ஒவ்வொரு எலக்ட்ரானாக வருவது இரண்டும் சேர்ந்த சோதனை வேண்டுமென்றால் 2013-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பாட்டெலான் குழு செய்ததைப் பாருங்கள். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். இரண்டு பிளவுகள், ஒவ்வொன்றும் 62 நானோமீட்டர் அகலம், நடுவிலிருந்து நடுவுக்கு 272 நானோமீட்டர். எலக்ட்ரானின் ஆற்றல் 600 எலக்ட்ரான்வோல்ட், அலைநீளம் 50 பிகோமீட்டர். வினாடிக்கு ஒன்று என்ற அளவில் எலக்ட்ரான்கள் பதிவாயின. பிளவுகளுக்குப் பின்னால் நகர்த்தக்கூடிய மறைப்பு ஒன்று இருந்தது. அதை நகர்த்தி ஒன்றை மூடலாம், மற்றதை மூடலாம், இரண்டையும் திறக்கலாம்.

விஷயமே அந்த மறைப்பில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் திறந்தால் திரையின் ஓரிடத்தில் மணிக்கு 100 எலக்ட்ரான் விழுகிறது என்று கொள்வோம். மற்றதை மட்டும் திறந்தாலும் அங்கே 100. இரண்டையும் திறந்தால் 200 என்றுதான் யாரும் சொல்வோம். பிரகாச வரியின் நடுவில் 400 வருகிறது. இருட்டு வரியின் நடுவில், தெளிவு முழுமையாக இருந்தால், சுழி. இன்னொரு வழியைத் திறந்துவிட்டதும் அதுவரை வந்துகொண்டிருந்த இடத்துக்கு எலக்ட்ரான் வராமல் போகிறது. ஒவ்வொன்றும் தனியாகத்தான் வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு பிளவு வழியே போனது, மற்றது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது அதைப் பாதிக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. இச்சோதனை உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான். இதற்கு மேல் போவதெல்லாம் விளக்கம்.

காணொளி பார்த்துவிட்டு வந்தவர்: மனிதன் உற்றுப் பார்த்தால் வரி மறைந்துவிடுமாமே! உணர்வுதான் பொருளை உருவாக்குகிறது என்று நம் சித்தர்கள் அன்றே சொன்னதுதானே இது?

சித்தர்களை இதில் இழுக்க வேண்டாம், அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

வரி மறைவது உண்மை, ஆனால் அதற்குப் பார்க்கிற ஆள் தேவையில்லை. டியூபிங்கனில் சோனன்டாக், ஹாசல்பாக் இருவரும் 2007-ல் வெளியிட்ட சோதனையில், பிரிந்த இரண்டு பாதைகளையும் ஒரு குறைகடத்தித் தகட்டுக்கு மேலே கொண்டுபோனார்கள். எலக்ட்ரான் மேலே போகும்போது தகட்டுக்குள் மின்னூட்டம் லேசாக இழுபடுகிறது. எந்தப் பாதையில் போனது என்ற தடயம் அங்கே தங்கிவிடுகிறது. யாரும் அதைப் படிக்கவில்லை, படிக்கவும் முடியாது. ஆனாலும் தகட்டை நெருங்க நெருங்க வரிகள் மங்கின. பாதைகள் விலக விலக இன்னும் மங்கின. பட்டென்று அணைந்துவிடவில்லை, படிப்படியாகத்தான் போயிற்று. தடயம் எவ்வளவு தெளிவோ அந்த அளவுக்கு வரி போகிறது.

வங்கி ஊழியர்: அப்போது எலக்ட்ரான் பாதி பாதியாக உடைந்து இரண்டு பிளவிலும் போகிறதா?

உடைவதில்லை. திரையில் ஒருமுறைகூட அரைப் புள்ளி விழுந்ததில்லை. பிளவுக்குப் பின்னாலேயே உணரி வைத்தாலும் முழு எலக்ட்ரான் ஏதாவது ஒரு பக்கம் பதிவாகும், அல்லது ஒன்றுமே பதிவாகாது.

பரவுவது நிகழ்தகவைத் தரும் அலை. அது இரண்டு பிளவிலும் போகிறது, இரண்டு பங்கும் கூடுகின்றன, கூட்டியதை வர்க்கமாக்கினால் எங்கே எத்தனை விழும் என்று வருகிறது. அடுத்த புள்ளி எங்கே என்று மட்டும் அது சொல்லாது.

இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு): நழுவுகிறீர்கள், மேடம். கணக்கு எப்படி என்று சொன்னீர்கள். என்ன நடக்கிறது என்று அவர் கேட்டார். இயற்பியலாளர் டேவிட் போம் சொன்னபடி எலக்ட்ரான் ஒரே பிளவில்தான் போகிறது, அலை மட்டும் இரண்டிலும் போய் அதை நடத்துகிறது என்றால் எல்லாம் தெளிவாகிவிடுமே?

நழுவத்தான் செய்தேன். போமின் கணக்கிலும் இதே 70,000 புள்ளிகள் இதே வரிகளாகத்தான் விழும். அவர் வழியில் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் உண்மையான பாதை உண்டு, எங்கே விழும் என்பது கிளம்பும்போதே தீர்மானமாகிவிட்டது, அந்தத் தொடக்க இடம் நமக்குத் தெரியாததால் தற்செயல் போலத் தோன்றுகிறது. வழக்கமான பார்வையில் தற்செயல் அடிப்படையிலேயே இருக்கிறது. இரண்டில் எது என்று இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. உங்களுக்குப் போமின் பாதைகள் மனத்துக்கு இதமாக இருக்கின்றன. எனக்கு அந்த அலை பல துகள்கள் சேரும்போது எத்தனை பரிமாணங்களில் அலைகிறது என்று பார்த்ததும் இதம் போய்விட்டது. இது என் ருசி. நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்லூரி ஆய்வக உதவியாளர்: எங்களிடம் 20 கிலோவோல்ட் ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் சும்மாதான் இருக்கிறது, டங்ஸ்டன் இழை போட்டது. பிளவு மட்டும் செய்து வாங்கினால் போதுமா?

பிளவு கிடைத்தாலும் கற்றைதான் சிக்கல். 20 கிலோவோல்ட்டில் அலைநீளம் 8.6 பிகோமீட்டர். பிளவுகளின் இடைவெளி 272 நானோமீட்டர் என்றால், ஒரு மீட்டர் தள்ளி வைத்த திரையில் அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே 0.03 மில்லிமீட்டர்தான் இருக்கும். கற்றையின் கோண விரிவும் அடுத்தடுத்த வரிகளுக்கு இடையிலான கோணத்தைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோணத்திலிருந்தும் வரும் வரிகள் இடம் மாறி விழுந்து ஒன்றையொன்று நிரப்பிவிடும். டங்ஸ்டன் இழையின் பருத்த மூலத்தை அவ்வளவு ஒடுக்கினால் எலக்ட்ரான் மிகக் குறைவாகத்தான் மிஞ்சும். டோனோமுரா கூர்மையான புல உமிழ்வு முனையைப் பயன்படுத்தியதற்கு இதுதான் காரணம்.

இதைவிட வேகத்தைக் குறைப்பது நல்லது. உங்கள் கருவி ஒரு கிலோவோல்ட்டுக்கு இறங்குமானால் வரி இடைவெளி நான்கு மடங்குக்கும் மேல் கூடும். ஆனால் மெதுவான எலக்ட்ரானைச் சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலமே ஆட்டிவிடும். குற்றவாளி யார் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கற்றையை இன்னும் ஒடுக்கியதும் வரி தெளிந்தால் கோண விரிவுதான் காரணம். ஒடுக்கியும் மங்கலாகவே இருந்து, பதிவை ஒரு மில்லிவினாடித் துண்டுகளாக்கி, மின்சாரச் சுழற்சியின் ஒரே கட்டத்தில் வந்த துண்டுகளை மட்டும் சேர்த்தால் தெளிகிறது என்றால் காந்தப்புலம்தான். அப்போது முதலில் அறையிலுள்ள பம்பையும் மின்மாற்றியையும் தள்ளி வையுங்கள்.