டியூனிக்குக்கு ஒரு சைஸ், பேண்டுக்கு வேறொரு சைஸ்

"அக்கா, எனக்கு தக்கலை பக்கம். அடுத்த மாதம் இங்கிலாந்துக்குக் கிளம்புகிறேன், வார்டு நர்ஸ் வேலை. யூனிஃபார்ம் சைஸ் கேட்டு ஃபார்ம் வந்திருக்கிறது. செஸ்ட் 36, இடுப்பு 31, சீட் 41, உயரம் 5 அடி 1 இன்ச். தையல் அக்கா சார்ட்டைப் பார்த்து 12 போடச் சொல்கிறார். சவுதியில் இருக்கும் சித்தி மகள், குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டும், குனிய நிமிர வசதியாகவும் இருக்கும், 18 போடு என்கிறாள். எதைப் போட?"

மக்ளே, இரண்டும் வேண்டாம். டியூனிக் 14, பேண்ட் 16, பேண்ட் நீளம் ஷார்ட். மேலுக்கும் கீழுக்கும் ஒரே சைஸ்தான் எழுத வேண்டும் என்று எந்த ஃபார்மிலும் இருக்காது, நாமாகத்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் ஸ்வெட்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். சித்தி மகள் பொய் சொல்லவில்லை, அங்கே பல ஆஸ்பத்திரிகளில் ஸ்க்ரப்ஸுக்கு உள்ளே முழுக்கை இன்னர் போடுவது வழக்கம். இங்கே இங்கிலாந்தில் நோயாளியைத் தொடும் நேரத்தில் முழங்கைக்குக் கீழே துணியோ வாட்சோ எதுவும் இருக்கக் கூடாது, கல் இல்லாத சாதா மோதிரம் ஒன்றை மட்டும் பெரும்பாலும் விடுவார்கள். மத காரணத்துக்காகக் கையை மறைக்க வேண்டியவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. ஸ்வெட்டர், கார்டிகன் எல்லாம் நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதும்போதும் பிரேக்குக்குப் போகும்போதும்தான், அதுவும் டியூனிக்குக்கு மேலே, கட்டிலுக்குப் போகும் முன் கழற்றிவிட வேண்டும். ஆக உள்ளே போடுவது ஒரு மெல்லிய வெஸ்ட், கையில்லாதது அல்லது டியூனிக் கையை விடக் குட்டையான கை உள்ளது. அதற்கு அரை இன்ச் இடம் தாராளம். வார்டுக்குள் ஹீட்டர் ஓடும், கட்டில் கட்டிலாகப் புரட்டி விடும்போது வேர்க்கத்தான் செய்யும். குளிர் தெரிவது நைட் டியூட்டியில் விடியற்காலை சும்மா உட்காரும் நேரத்தில். வெளிக்குளிருக்கு உள்ள ஜாக்கெட்டையும் யூனிஃபார்ம் சைஸையும் போட்டுக் குழப்பாதே, வீட்டு உடுப்பில் போய் ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொள்ளலாம்.

இனி தையல் அக்கா சொன்ன 12. சார்ட்டில் செஸ்ட் 36-க்கு நேரே 12 இருப்பது சரிதான், இங்கே பெரும்பாலான சார்ட்டுகள் அப்படித்தான், அடுத்தது 38-க்கு 14, 40-க்கு 16. அந்த எண் உடம்பின் அளவு, துணியின் அளவு இல்லை, லூஸை கம்பெனி தன் கணக்கில் தனியாகச் சேர்த்திருக்கும். அப்படியென்றால் 12 போதுமே என்று தோன்றும். நிமிர்ந்து நிற்பவளுக்குப் போதும். ஆனால் டியூனிக்கின் அடி ஓரம் வந்து நிற்பது சீட் மேல், உன் சீட் 41. 12-இல் அங்கே பிடிக்கும். பிடித்தால் என்ன ஆகும் என்றால், உட்கார்ந்ததும் கீழ் பட்டன், அழுத்துப் பட்டனாக இருந்தால், தானே திறந்துகொள்ளும். எழுந்ததும் துணி இடுப்பில் சுருண்டு மேலேயே நிற்கும், நாள் முழுக்க இழுத்து விட்டுக்கொண்டே இருப்பாய். பக்கத்தில் ஸ்லிட் இருந்தால் 14 தாராளமாக விழும். ஸ்லிட் இல்லாத மாடல் என்றால் மட்டும் 16-ஐப் பற்றி யோசி.

குனியவும் எட்டவும் வசதி என்று 18-க்குத் தாவாதே என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. சைஸ் கூடக் கூட மார்பு மட்டும் அகலமாவதில்லை, ஆர்ம்ஹோலும் கீழே இறங்கும், ஷோல்டர் தையல் கைப்பக்கம் வழியும். ஆர்ம்ஹோல் கீழே இருக்கும் உடுப்பைப் போட்டுக் கையைத் தூக்கினால் கை மட்டும் போகாது, பக்கத்துத் துணி மொத்தமும் கூடவே மேலே போகும். டிரிப் ஸ்டாண்டில் பாட்டிலை மாட்டுகிறாய் என்று வை. ஷோல்டர் சரியாக உட்கார்ந்த 14-இல் அடி ஓரம் கொஞ்சம் ஏறி இறங்கும். 18-இல் அதைவிட ஏறும், அதுவும் மேலே பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டியிருந்தால் ஏறிய துணி ஏப்ரன் கயிற்றுக்கு மேலே போய் மாட்டிக்கொள்ளும், கையை இறக்கினாலும் இறங்காது. லூஸாகப் போட்டும் வயிறு தெரிகிறதே என்று புலம்புகிறவர்களுக்கு நடப்பது இதுதான். அப்புறம் குனியும்போது லூஸ் துணி முன்னால் தொங்கும். டிரெஸ்ஸிங் ட்ரேயின் மேல் படும், கட்டில் கம்பியில் பாக்கெட் மாட்டும், கழுத்து வழியாக உள்ளே தெரியும். வார்டில் அது நன்றாகவா இருக்கும்?

எட்டிப் பிடிக்க இடம் வேண்டியது மார்பில் இல்லை, முதுகில். ஒருவரைப் புரட்டிப் போட இரண்டு பேர் எதிரெதிரே நின்று கட்டிலுக்குக் குறுக்கே கை நீட்டும்போது தோள்பட்டை எலும்புகள் விலகும், முதுகுத் துணி அங்கே இழுபடும். இதற்காகவே சில டியூனிக்குகளில் தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள், கை நீட்டினால் விரியும், இறக்கினால் மூடிக்கொள்ளும். ஃபார்மில் படம் இருந்தால் அந்த மடிப்பு இருக்கிறதா என்று பார். இருந்தால் 14-ஐ யோசிக்காமல் எழுது.

இப்போது நீ வேலை பார்க்கும் இடத்து யூனிஃபார்ம் டாப்போ காலேஜ் யூனிஃபார்மோ வீட்டில் இருக்கும் இல்லையா, அதை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். கட்டிலில் விரித்துப் போட்டு ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை இன்ச் டேப்பால் அளந்து இரண்டால் பெருக்கு. 40 வந்தால் உன் செஸ்டுக்கு 4 இன்ச் லூஸ், வார்டு வேலைக்கு அதுதான் வேண்டியது. 38 என்றால் அது ஊரில் பிடித்துத் தைத்தது. பிறகு அதைப் போட்டுக்கொண்டு அலமாரி மேல்தட்டில் இரண்டு கையாலும் ஒரு பொருளை வை, கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு வாளியை எடு, இரண்டு கையாலும் உன்னையே கட்டிப்பிடித்துக்கொள். மேலே கை போனபோது அடி ஓரம் எத்தனை இன்ச் ஏறியது என்று பக்கத்தில் யாரையாவது பார்க்கச் சொல். குனிந்தால் பேண்ட் பின்னால் இறங்கவும் செய்யும், ஆகவே இரண்டு நகர்வையும் கூட்டி, அதற்கு மேல் ஓர் இரண்டு இன்ச் மறைப்பு டியூனிக்கில் இருக்க வேண்டும். நீ குள்ளம், உனக்கு வழக்கமான நீளமே போதும். உயரமானவர்களுக்குத்தான் இது தலைவலி.

பேண்டுக்கு வருகிறேன். இதில் இடுப்பை வைத்துத் தேர்ந்தெடுத்தால் தப்பு. இடுப்புக்கு எலாஸ்டிக் உண்டு, பலவற்றில் நாடாவும் உண்டு, சீட்டுக்கு ஒன்றும் இல்லை. நின்றபடி அளந்தால் 41 காட்டும் சீட், ஸ்டூலில் உட்கார்ந்து அளந்தால் இன்னும் ஒன்றிரண்டு இன்ச் கூடத்தான் காட்டும், நீயே அளந்து பார். அளப்பதை ராத்திரி சாப்பிட்ட பிறகு செய், டியூட்டி பன்னிரண்டு மணி நேரம், காலையில் வெறும் வயிற்றில் இருக்கும் இடுப்பு சாயங்காலம் இருக்காது, மாதவிலக்கு நாட்களில் சொல்லவே வேண்டாம். சார்ட்டில் 14-க்கு சீட் 40 பக்கம், 16-க்கு 42 பக்கம் இருக்கும். அதனால்தான் 16. இடுப்பில் மிஞ்சுவதை எலாஸ்டிக் பிடித்துக்கொள்ளும். பேண்ட் சிறிதாகிவிட்டது என்பதற்கு அடையாளம் இடுப்பு இறுகுவது இல்லை, குத்துக்காலிட்டு உட்காரும்போது பின்பக்க இடுப்புப் பட்டி கீழே இழுபடுவதும், தொடை சேரும் இடத்தில் விசிறி போல் சுருக்கம் விழுவதும். அந்தத் தையல்தான் முதலில் விடும். குளிர்காலத்தில் உள்ளே லெக்கிங்ஸ் போடுவாய் என்றால் அதைப் போட்டுக்கொண்டே அளந்துவிடு. உன் உயரத்துக்கு ஷார்ட் நீளமும், பொதுவாக 29 இன்ச் உள் கால், கொஞ்சம் தரையைத் தொடும். உடனே வெட்டித் தைக்க வேண்டாம், இங்கே யூனிஃபார்மை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொல்வார்கள், இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு மடித்துத் தைத்தால் போதும். பாலியஸ்டர் கலந்த துணி, பெரிதாகச் சுருங்காது, ஆனாலும் அவசரம் வேண்டாம். ஷூவோடு நின்றால் பின்பக்கம் தரைக்கு ஓர் இன்ச் மேலே நிற்க வேண்டும். மடித்துத் தைக்க மட்டும் கேட்டுக்கொண்டு செய், பக்கத் தையலைப் பிரித்துப் பிடிக்கும் வேலை வேண்டாம், யூனிஃபார்ம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் சொத்து, வேலையை விட்டால் திருப்பிக் கேட்பார்கள்.

மார்த்தாண்டத்தில் தைத்துக் கொண்டுபோகலாமா என்று அடுத்து கேட்பாய், எல்லாரும் கேட்பார்கள். வேண்டாம். நிறமும் கரையும் பதவிக்குத் தகுந்தபடி மாறும், வேறு துணியில் தைத்தது பெட்டியில் கிடக்கும். அந்த எடைக்கு கிழங்கு வற்றலும் சம்பந்தி பொடியும் கொண்டுபோ.

தியேட்டர், ஐசியூ என்று மாறினால் ஸ்க்ரப்ஸ் அலமாரியில் இருந்து எடுப்பது. ஆண் பெண் இருவருக்கும் ஒரே வெட்டு, மார்பை வைத்து சைஸ். நமக்கு மேலே பெரிதாகவும் சீட்டில் பிடித்தபடியும் வரும், அங்கேயும் சட்டை மீடியம், பேண்ட் லார்ஜ் என்று தனித்தனியாக எடு, யாரும் கேட்க மாட்டார்கள்.

செட் கைக்கு வந்ததும் டேக் கழற்றாமல், துவைக்காமல், ஒரே ஒரு செட்டை மட்டும் போட்டு அந்த அலமாரி, வாளி, கட்டிப்பிடி மூன்றையும் செய்து பார். பாக்கெட்டில் கத்தரிக்கோல், பேனா, டேப் எல்லாம் போட்டுக்கொண்டே செய், பாரம் ஏறினால் துணி வேறு மாதிரி தொங்கும். சரியில்லை என்றால் அன்றைக்கே மாற்றக் கேள், துவைத்ததை மாற்றித் தர மாட்டார்கள். ஃபார்மில் குறிப்புக்கு ஒரு கட்டம் இருக்குமே, அதில் செஸ்ட் 36, உட்கார்ந்த சீட் அளவு, உயரம் மூன்றையும் எழுதி, டியூனிக் 14, பேண்ட் 16 ஷார்ட் என்று தனித்தனியாகப் போட்டு அனுப்பு.