ஒரே பெட்டிக் குடைகள் (கடிதமும் பதிலும்)

அன்பின் அக்கா,

உங்கள் ‘இரண்டு குடை’ கதையை வாசித்தேன். மல்லாவியில் மலர், சுகந்தி என்ற இரண்டு சிநேகிதிகள் தீபாவளிக்கு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குடை வாங்குகிறார்கள். பார்த்தால் இரண்டும் ஒரே குடை. ஆனால் இரண்டையும் விற்றவர் ஒரே கடைக்கார ஐயாதானே, அவர் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டாரா? மலர் தந்த குடையைச் சுகந்தி பிறகு விற்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் இரண்டு பெடியள் ஒரே மணிக்கூட்டை வாங்குகிறதாக ஒரு கதை எழுதினேன். இப்போதைய கிளிநொச்சியில் நடக்கிறது. வாசித்தவர்கள் எல்லாரும் நம்ப முடியவில்லை என்கிறார்கள். எங்கே பிழைத்தது?

ஒரு வாசகர், கிளிநொச்சி

அன்பின் தம்பி,

ஊர்க் கடையென்றால் அந்த ஐயா கட்டாயம் சொல்லியிருப்பார். எந்தப் பிள்ளை எந்த வீடு, யாரோடு பள்ளிக்கூடம் போகிறது என்பதெல்லாம் ஊர்க் கடைக்காரருக்குப் பாடம். “உன்ர சிநேகிதி இப்பதான் வாங்கிக்கொண்டு போகுது பிள்ளை” என்று அவர் வாய் திறந்தால் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆனால் என் கதை நடப்பது 1996 மாரியில். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் பெருந்தொகை கிளாலியால் வன்னிக்கு வந்துவிட்டது. 1996 நடுப்பகுதியில் கிளிநொச்சிச் சனமும் இடம்பெயர்ந்தது. மல்லாவிச் சந்தியில் விற்பவரும் வந்தவர், வாங்குபவரும் வந்தவர். அந்த ஐயா வேறெங்கோ கடை வைத்திருந்து, இங்கே தறப்பாளுக்குக் கீழே இரண்டு பலகை போட்டிருக்கிறவர். அவருக்கு மலரும் சுகந்தியும் முகம் தெரியாத இரண்டு பெட்டைகள், அவ்வளவுதான். அவர் சொல்லாமல் விட்டது நான் செய்த வசதி இல்லை, இடப்பெயர்வு செய்த வேலை.

குடை ஒரே மாதிரி இருந்ததற்கும் அப்படி ஒரு காரணம் உண்டு. அப்போது வன்னிக்குள் எரிபொருள், உரம், பற்றரி எல்லாவற்றுக்கும் அரசாங்கத் தடை. தடையில்லாத சாமான்கூட தாண்டிக்குளம் சோதனைச் சாவடியைக் கடந்து வரும்போது கொஞ்சமாகத்தான் வந்தது. ஒரு கடைக்கு ஒரு பெட்டிக் குடை வந்தால் அந்த மாரிக்கு அதுதான் குடை. கறுப்புத் துணி, வளைந்த பிடி, வேறு நிறம் கேட்க வழியில்லை. இரண்டு பிள்ளைகளும் உரப்பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவர்கள். தீபாவளி வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில். கையில் கொஞ்சக் காசோடு சிநேகிதிக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்தால் இரண்டு பேருக்கும் குடையைத் தவிர வேறொன்று மனதில் வராது. தீபாவளியை நான் தேர்ந்ததும் அதற்காகத்தான். பிறந்தநாள் என்று வைத்தால் இருவருக்கும் ஒரே நாளில் பிறந்தநாள் வர வேண்டும். அது இரண்டாவது தற்செயல். ஒரு தற்செயலை வாசகர் மன்னிப்பார், இரண்டாவதில் எழுதுகிறவரின் கை தெரிந்துவிடும்.

இதைச் சோதிக்க நான் ஒன்று செய்வேன், நீங்களும் செய்து பாருங்கள். கதையை அப்படியே தூக்கி 2003க்குக் கொண்டுபோங்கள். ஏ9 வீதி திறந்துவிட்டது, லொறிகள் வருகின்றன, கடையில் பூப்போட்ட குடை, மடிக்கிற குடை, சின்னப் பிள்ளைகளின் குடை எல்லாம் தொங்குகின்றன. அங்கே இரண்டு பேரும் அதே கறுப்புக் குடையை எடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். காலத்தை மாற்றியவுடன் கதை விழுகிறதென்றால் அதைத் தாங்கியது அந்தக் காலம் என்று அர்த்தம். விழாமல் நின்றால், காரணம் வேறெங்கோ இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இனி சுகந்தி. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஒரே பரிசை இருவரும் மாற்றிக்கொண்டால் கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. ஆளுக்கொரு குடை. தனக்குத் தானே வாங்கியிருந்தாலும் அதுதான் கணக்கு. அதனால்தான் இந்தக் கதையை எழுதுகிற பலர் பொதியைப் பிரித்ததும் இரண்டு பேரையும் சிரிக்க வைத்து, கட்டிப்பிடிக்க வைத்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் அப்போது அந்தக் குடை கதைக்குத் தேவையே இல்லை, சவர்க்காரமாக இருந்தாலும் அதே சிரிப்புத்தான். எனக்கு அது போதவில்லை. தானே வாங்கிய குடைக்கும் மற்றவள் தந்த குடைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பார்த்தேன். அதைக் கொடுத்துவிட வேண்டிய நிலை வரும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும்.

அதனால்தான் வாங்கிய காட்சிகளை முன்னுக்கே வைத்தேன். சுகந்தி கிடுகு பின்னிக் காசு சேர்க்கிறாள். அந்த வருடம் கொட்டில் போடாத சனமில்லை, கிடுகுக்கு நல்ல கேள்வி. தென்னோலையை நடுவால் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பதமாக வந்ததும் எடுத்துப் பின்ன வேண்டும். ஓலை விளிம்பு விரலைக் கீறும். கீறிய விரலோடு அவள் வகுப்பில் பேனை பிடிப்பதை மலர் காண்கிறாள், காரணம் கேட்கவில்லை. மலர் தன் கோழி இட்ட முட்டைகளை வீட்டில் காட்டாமல் விற்கிறாள். “கோழி இப்ப இடுறேல்லயோ?” என்று தாய் கேட்கிறபோது பேசாமல் நிற்கிறாள். இரண்டு பேரும் வாங்கியாயிற்று என்பது வாசகருக்கு அவர்களுக்கு முதலே தெரியும். நான் மறைத்து வைத்துப் பொதி பிரிக்கும்போது சொல்லியிருந்தால் ஒரு வரியில் ஆச்சரியம் தீர்ந்துபோயிருக்கும். முதலே சொன்னதால் நீங்கள் பொதியைப் பார்க்காமல் அந்த விரல்களைப் பார்த்தீர்கள்.

தீபாவளி கழிந்து சுகந்தியின் தம்பிக்கு மலேரியாக் காய்ச்சல் வருகிறது. வன்னியில் அந்த நாட்களில் மலேரியா வராத கொட்டில் குறைவு. மழை நேரத்தில் குடைக்கு வாங்கிய விலையைவிடக் கூடக் கிடைக்கும். சுகந்தி தன் உழைப்பில் தனக்கு வாங்கிய குடையென்றால் யோசிக்காமல் விற்றிருப்பாள். அவள் விற்றது மலரின் முட்டைக் காசு. அது தெரிந்துதான் விற்றாள். அந்த ஒரு பகலை நான் இரண்டு பக்கம் எழுதியது அதற்காகத்தான்: சந்திக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள், மறுபடி போகிறாள். அடுத்த நாள் அவள் உரப்பையோடு வருவதை மலர் கண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒரே பெட்டியில் வந்த இரண்டு குடையும் அதற்குப் பிறகு ஒன்றல்ல. உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றீர்கள். எனக்கும்தான் பொறுக்கவில்லை, ஆனால் காய்ச்சலில் கிடக்கிற தம்பியை விட்டுவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு வருகிற சுகந்தியை என்னால் எழுத முடியாது.

உங்கள் மணிக்கூட்டுக் கதைக்கு வருகிறேன். இன்றைக்குக் கிளிநொச்சி ஏ9 வீதியில் எத்தனை கடை, எத்தனை விதம். பற்றாக்குறையும் உதவாது, முன்பின் தெரியாத கடைக்காரரும் உதவமாட்டார். அதனால் காரணம் அந்தச் சிநேகிதத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். மனிதர்கள் தங்களுக்கு ஆசைப்பட்டதைத்தான் பெரும்பாலும் மற்றவருக்கு வாங்குகிறார்கள். இரண்டு பெடியளும் ஒருநாள் ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஒரே மணிக்கூட்டைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லாமல் நடந்துபோகட்டும். அந்த இடத்தைக் கதையின் தொடக்கத்தில், முக்கியமில்லாததுபோல, வேறொரு விஷயத்தைப் பேசிக்கொண்டு போகிற வழியில் வையுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் வேறு எதை வாங்கினாலும்தான் வாசகர் நம்பமாட்டார்.

பிறகு இரண்டில் எந்த மணிக்கூடு முதலில் கையை விட்டுப் போகிறது, யாருக்காகப் போகிறது என்பதைத் தீர்மானித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

அன்புடன்,
அக்கா