விளையாடிவிட்டு வந்து படிக்கட்டும்

“தேர்வு நெருங்குகிறது. மகன் தினமும் ஒரு மணி நேரம் கால்பந்துக்குப் போகிறான். நிறுத்திவிடலாமா?”

நிறுத்தாதீர்கள். 2009-இல் வெளியான இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒன்பது பத்து வயதுக் குழந்தைகளை 20 நிமிடம் நடக்கவிட்டு, இதயத்துடிப்பு தணிந்ததும் சோதித்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட அன்று கவனச் சோதனையில் தவறுகள் குறைந்தன. வாசித்துப் புரிந்துகொள்வதும் மேம்பட்டது.

அதனால் கடினமான கணக்குகளை விளையாட்டுக்குப் பின்னால் வையுங்கள். வந்ததும் குளித்து, ஏதாவது சாப்பிட்டு, அப்புறம் உட்காரட்டும். விளையாடிய நாள், விளையாடாத நாள் இரண்டிலும் ஒரே அளவு கணக்கு கொடுத்து, கவனப்பிழைகளை எண்ணிப் பாருங்கள்.

புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுகிறான் என்றால் பயிற்சி அளவு மீறுகிறது, அல்லது இரவுத் தூக்கம் போதவில்லை. அப்போது பயிற்சியைக் குறையுங்கள், அடியோடு வெட்ட வேண்டாம்.