டியூப் லைட் மினுக்கலும் ஸ்டார்ட்டர் சத்தமும்: கேள்வி பதில்

டியூபின் இரண்டு முனையும் கருத்துவிட்டன. மினுக்கிக்கொண்டே இருக்கிறது, ஸ்டார்ட்டர் ஓயாமல் 'டிக் டிக்' என்கிறது. புது ஸ்டார்ட்டர் போட்டும் அப்படியே.

டியூபைத்தான் மாற்ற வேண்டும். முனைகளிலுள்ள இழைகளின் மேற்பூச்சு ஆவியாகிக் கண்ணாடியில் படிந்ததே அந்தக் கறுப்பு. நல்ல 4 அடி டியூப் எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 100 வோல்ட்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் மறுபடி விழித்துக்கொள்ள அது போதாது. பூச்சுத் தீர்ந்த டியூபிலோ அந்த வோல்ட் ஏறிவிடுவதால், ஸ்டார்ட்டர் டியூப் இன்னும் எரியவில்லை என்று எண்ணியதுபோல் மூடித் திறந்துகொண்டே இருக்கிறது. அப்படியே விட்டுவைத்தால் புது ஸ்டார்ட்டரும் கெடும், சோக்கும் சூடேறும். ஆகவே சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

ஒரு முனை மட்டும் கருத்திருந்தால் ஆயுள் பாதி மிச்சம் என்கிறார்கள். திருப்பிப் போட்டால் ஓடும்தானே?

கறுப்பு தேய்மானத்தைக் காட்டுகிறது என்ற அளவில் சரி. ஆனால் மினுக்கத் தொடங்கிய டியூபைத் திருப்பிப் போட்டால் தேய்ந்த இழையும் கூடவே இடம் மாறுமே தவிரப் புதிதாகிவிடாது. திருப்பியதும் எரிந்தால், ஹோல்டரில் பின் சரியாகப் பதியாமல் இருந்திருக்கும் என்றே நான் கொள்வேன்.

எங்கள் கடையில் சத்தமே இல்லை. இரண்டு முனையும் சிவப்பாக எரிகின்றன, நடுப்பகுதி இருட்டாகவே இருக்கிறது.

இது வேறு நோய். ஸ்டார்ட்டருக்குள் உள்ள தகடுகள் ஒட்டிக்கொண்டன, அல்லது அதிலுள்ள சிறு கண்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டது. சென்ற மாதம் ஒரு மாவு மில்லில் இதே நிலையைக் கண்டேன். ஸ்டார்ட்டரை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பி உருவியதுமே டியூப் பளிச்சென்று எரிந்தது. குற்றம் ஸ்டார்ட்டருடையதே என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஹோல்டர் உடைந்திருந்தால் மின்சாரம் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள்.

என்னுடையதில் ஸ்டார்ட்டரே இல்லை, எலக்ட்ரானிக் சோக். ஆனாலும் முனை கருக்கிறது.

'டிக்' பற்றி மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. கறுப்பின் பொருள் மட்டும் அதேதான்.

புது டியூப் மூன்றே வாரத்தில் கருத்துவிட்டது, இது இரண்டாவது. மட்டமான டியூபா?

இரண்டும் மட்டமாக அமைந்தன என்பதை நம்புவது கடினம். சோக்கின் சுற்றுகள் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், 36 வாட் டியூபுக்கு வேண்டிய 0.43 ஆம்பியருக்கு மேல் பாய்ந்து இழைகளைத் தின்றுவிடும். சோக் தொட முடியாத சூட்டில் கருகிய வாடை வீசுகிறதா என்று பாருங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கி டியூப் பலமுறை முயன்று எரிந்தாலும் இதே கதிதான். இரண்டில் எது என்று இங்கிருந்து சொல்ல இயலவில்லை. இரவு ஏழு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.