கதிரையில் இருந்தே களைத்துப்போகிறேன்

“டொக்டர், எனக்கு 34 வயது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். காலையில் கைவிரல் அடையாளம் வைத்தால் பின்னேரம் வரை செய்ய ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, முடி உதிர்வு. இரத்தம், சீனி, தைரொயிட் எல்லாம் பார்த்தாயிற்று, பிழையில்லை என்கிறார்கள். யூடியூப்பில் இதற்கு ‘போர்-அவுட்’ என்று பெயர் சொன்னார்கள், மூளை சுருங்கிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். நித்திரைக்குப் பிரிட்டோன் குளிசை போடுகிறேன். வொலிபோல் விளையாடப் போவதில்லை, இந்தக் காலபோகம் வயலையும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன். மனைவிக்கு ஒன்றும் தெரியாது. நான் சோம்பேறித்தனத்துக்கு வருத்தம் என்று பெயர் வைக்கிறேனா?”

இல்லை. சோம்பேறி ஆள் வேலையில்லாத கதிரையில் சந்தோசமாக இருப்பார், டொக்டருக்குக் கடிதம் எழுத மாட்டார்.

மூளை சுருங்காது. அதைச் சொன்னவரின் வீடியோவை இனிப் பார்க்க வேண்டாம். முடி கொஞ்சம் உதிரட்டும். படி ஏறும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ நெஞ்சு நொந்தால், தலை சுற்றினால் ஒரு ஈசீஜி எடுங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் வரும் படபடப்பு என்றால் இதைப் பார்க்கப்போகும் டொக்டரிடம் அதையும் சொன்னால் போதும். பிரிட்டோனை இன்றிரவே நிறுத்துங்கள். அது தும்மலுக்கும் தோல் அரிப்புக்கும் உள்ள மருந்து. நித்திரை வருவது அதன் பக்கவிளைவு, அந்த மந்தம் காலையிலும் மிஞ்சும். அந்த மந்தத்தோடுதான் நீங்கள் ஏ-9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறீர்கள். பாமசியில் கேட்டதும் தந்தார்கள் என்பது மருந்து சரி என்பதற்கு அத்தாட்சி இல்லை.

‘போர்-அவுட்’ என்பது 2007இல் சுவிற்சர்லாந்துக்காரர் இருவர் ஒரு நூலில் வைத்த பெயர். ஆற்றலுக்குக் குறைந்த வேலை, அதில் பற்றின்மை, சலிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த நிலை அது. வருத்தங்களின் பட்டியலில் அது இல்லை. ஆனால் அவர்கள் கவனித்த ஒன்று சரியானது. வேலை இல்லாதவர் அதை மறைப்பதில்தான் களைத்துப்போகிறார். பெரியவர் வரும்போது திரையை மாற்றுவது, ஒரே கோப்பை மூன்று தரம் திறந்து மூடுவது, அரைமணி நேர வேலையை ஒரு நாளுக்கு இழுப்பது. எட்டரையிலிருந்து நாலேகால் வரை இந்த நாடகத்தை ஆட வேண்டும். அப்படி மறைத்தால் வேலை இல்லை என்று மேலே யாருக்கும் தெரியாது, ஆகவே வேலையும் வராது.

நம் பக்கத்தில் இதோடு ஒரு வெட்கமும் சேர்கிறது. 2009இல் உங்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருந்திருக்கும். ஷெல்லுக்குத் தப்பி வந்த சனம், அரச உத்தியோகம், மாதச் சம்பளம், பென்சன். இதில் ‘எனக்கு வேலை போதாது’ என்று யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் மனைவியிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். (அந்த நாட்கள் கனவில் திரும்பி வருகின்றன என்றால் அது வேறு விசயம், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.)

இவ்வளவோடு நின்றிருந்தால் வேலையைப் பற்றி மட்டும் பேசியிருப்பேன். நீங்கள் அவசரமாக எழுதிவிட்டுத் தாண்டிய ஒரு வரி என்னை நிறுத்தியது. வொலிபோல் போனது, வயலும் போனது.

அலுவலகச் சலிப்பு பொதுவாக அலுவலக வாசலோடு நிற்கும். வெள்ளிக்கிழமை பின்னேரமே ஆளுக்கு உயிர் வரும், சனிக்கிழமை விதைப்பு என்றால் விடிய முதல் வரம்பில் நிற்பார். உங்களுக்கோ கதிரையோடு சம்பந்தமே இல்லாத வயலிலும் மனம் விட்டுப்போயிற்று. ஆசை இருந்தும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லையா, ஆசையே வரவில்லையா? ஆசையே இல்லை என்றால், அதுவும் இரண்டு கிழமைக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் அப்படித்தான் என்றால், நான் அதைச் சலிப்பு என்று எழுத மாட்டேன். மனச்சோர்வு நோய் என்று சந்தேகிப்பேன். விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்து பிறகு நித்திரை வராமலிருப்பது, சாப்பாட்டில் ருசி போவது, ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்ற நினைப்பு, இவையும் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். சோம்பேறியா என்று நீங்கள் கேட்டதிலேயே அந்த நினைப்பின் சாயல் தெரிகிறது.

ஆகவே இந்தக் கிழமையே மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். வெளிநோயாளர் பிரிவில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டால் சொல்வார்கள், அங்கே காசு இல்லை. “டொக்டர், களைப்பு” என்று மட்டும் சொன்னால் திரும்பவும் இரத்தம்தான் பார்ப்பார்கள். “முன்பு பிடித்த எதிலும் எனக்கு விருப்பம் வரவில்லை” என்று சொல்லுங்கள். மாத்திரை தந்தால் முதல் இரண்டு மூன்று கிழமை ஒன்றும் தெரியாது, குமட்டல் மட்டும் இருக்கலாம். எங்கள் ஆட்கள் பத்தாம் நாளே நிறுத்திவிட்டு ‘மருந்து சரிவரேல்லை’ என்று வருவார்கள். அதைச் செய்யாதீர்கள்.

கதிரைப் பிரச்சினைக்கு மருந்தில்லை. அதற்கு என்ன செய்யலாம் என்பதை என்னிடம் வந்த ஒரு பிள்ளையை வைத்துச் சொல்கிறேன். அவவும் பட்டதாரி, அரச அலுவலகம்தான். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் கத்தரி, பயற்றை என்று நட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவ. சோர்வு அலுவலகத்தோடு நின்றிருந்தது. ஒரு சீ.ஆர். கொப்பியில் இரண்டு கிழமைக்கு எந்த மணிக்கு உண்மையில் என்ன செய்தா என்று எழுதச் சொன்னேன். கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒன்றேகால் மணித்தியால வேலை. அதைக் கண்டு அழுதா. பிறகு அவவே சொன்னா, ‘இவ்வளவு நாளும் என்னில்தான் பிழை என்று நினைத்தேன்’ என்று.

அவ பெரியவரிடம் போய் ‘வேலை தாருங்கள்’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் தேநீர் எடுத்துவரச் சொல்வார்கள், அல்லது யாரோ வேண்டாத வேலை வந்து சேரும். பக்கத்து மேசையில் அஸ்வெசும மேன்முறையீடுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ‘கிராம சேவையாளர் பிரிவு வாரியாக இதைப் பிரித்து, கிழமையில் மூன்று காலை நான் கணினியில் ஏற்றித் தருகிறேன்’ என்று எழுத்தில் கொடுத்தா. கிடைத்தது. மிச்ச நேரம் இன்னும் வெறுமைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தலையிடி ஒரு மாதத்தில் குறைந்தது. நீங்களும் இதைச் செய்யலாம், கிளினிக்குக்குப் போய் வந்த பிறகு. விருப்பமே வராத மனிதனிடம் கொப்பி எழுதச் சொல்வது அவன் தலையில் இன்னொரு சுமை. ராஜினாமாக் கடிதத்தையும், முகவருக்குக் காசு கட்டி வெளிநாடு போகும் யோசனையையும் அதுவரை ஒத்தி வையுங்கள்.

‘இருந்தென்ன’ என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்க்கிறதா? கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். இருந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள், இரவென்றால் மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டீர்கள், அடிக்கும் மருந்துப் போத்தல்கள் இன்னும் வீட்டில் இருக்கும். அவற்றை வயல் எடுத்தவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மனைவிக்கு இன்றிரவு சொல்லுங்கள். ‘போர்-அவுட்’ எல்லாம் விளக்க வேண்டாம். காலபோகத்துக்கு ஏன் வயலைக் கொடுத்தீர்கள் என்று அவவும் தனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருப்பா.