சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வுக் கேள்விகளை வெளியிட்டால் சான்றிதழ் போகுமா?

"பாஸ் ஆனதும் ஞாபகத்துல இருந்த நாலு கேள்வியை டெலிகிராம் குரூப்ல போட்டேன். சான்றிதழ் போயிடுமா?"

போகலாம். பழைய சிஸ்கோ சான்றிதழ்களும் சேர்ந்தே ரத்தாகலாம், இனித் தேர்வே எழுத முடியாதபடி தடையும் வரலாம்.

தேர்வு தொடங்குமுன் ரகசியக்காப்பு ஒப்பந்தம் திரையில் வந்திருக்கும், படிக்காமல் ஏற்றிருப்பீர்கள். கேள்வியை நினைவிலிருந்து எழுதினாலும் அது மீறல்தான்.

முதலில் பதிவை நீக்குங்கள். பிறகு சிஸ்கோ சான்றிதழ் கணக்கில் நுழைந்து நிலையைப் பாருங்கள், பதிவு செய்த மின்னஞ்சலில் ஸ்பாம் பகுதியையும் சேர்த்துப் பாருங்கள். விசாரணைக் கடிதம் வந்திருந்தால் நடந்ததை மறைக்காமல் பதில் எழுதுங்கள், பொய் சொன்னால் நிலைமை மோசமாகும்.

நீக்கியதால் மீறல் இல்லாமல் போகாது. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம்.

நண்பர்களுக்கு "ஓஎஸ்பிஎஃப் நன்றாகப் படி" என்று சொல்லலாம், அது சிஸ்கோவே வெளியிட்ட பாடத்திட்டத்தில் உள்ளது. கேள்வியில் வந்த ஐபி முகவரி, விடைத் தெரிவுகள் போன்றவைதான் சொல்லக் கூடாதவை.